ஒரு காலில் கம்பளி, மறு காலில் பாலியஸ்டர்

வடக்கு ஸ்பெயினில் கரியோன் தெ லோஸ் கோந்தெஸ் என்று ஒரு சிற்றூர். செப்டம்பர் மாதத்துக் காலை ஏழு மணி. வெளியே இன்னும் இருட்டு விலகவில்லை. யாத்ரீகர் விடுதியின் கட்டிலோரம் உட்கார்ந்து இடது காலில் மெரினோ கம்பளி சாக்ஸை மாட்டினேன். வலது காலில் பாலியஸ்டர் சாக்ஸ்.

"என்னடா, ரெண்டும் ரெண்டு கலரா இருக்கு?" என்றாள் அக்கா.

"தெரிஞ்சுதான்க்கா போடறேன். சாயங்காலம் பாக்கலாம், எந்தக் கால் நல்லா இருக்குன்னு."

சந்தியாகோ தெ கொம்போஸ்தெலா நோக்கிப் போகும் கமீனோ பாதையில், பிரெஞ்சு எல்லையிலுள்ள சாங் ழான் பியே தெ போர் ஊரிலிருந்து புறப்பட்டு ஏறக்குறைய பாதித் தூரம் வந்திருந்தோம். மொத்தம் சுமார் 780 கி.மீ. தினமும் 20 முதல் 25 கி.மீ. நடை. இந்தப் பாதையில் மாலை நேரத்து விடுதிகளின் முற்றத்தைப் பார்த்தால் போதும்: முழங்கால் வலி, இடுப்பு வலி என்பவர்களைவிட, பாதத்தைத் தூக்கி மடிமேல் வைத்துக்கொண்டு கொப்புளத்துக்கு மருந்திடுபவர்கள்தான் அதிகம். ஊருக்குத் திரும்பிப் போகிறவர்களிலும் பலரைத் திருப்பி அனுப்புவது கொப்புளம்தான். அப்புறம் ஆரம்பிக்கும் அந்த விவாதம். கம்பளிதான் ஒரே வழி என்பார் ஒருவர். கம்பளி காயவே காயாது, செயற்கை இழைதான் சரி என்பார் இன்னொருவர். இருவருக்கும் சொந்த அனுபவம் சாட்சி. ஆனால் ஒருவர் போட்டிருப்பது தோல் பூட்ஸ், மற்றவர் வலைத்துணி ஷூ. ஒருவருக்கு வேர்த்துக் கொட்டும், மற்றவருக்கு வேர்க்காது. ஒரே உடம்பின் இரண்டு கால்களை வைத்துப் பார்த்தால்தான் இந்த வேறுபாடெல்லாம் விலகும் என்று தோன்றியது. அதற்கு அன்றைய வழி வசதியாகவும் இருந்தது. கரியோனைத் தாண்டினால் 17 கி.மீ. வரை ஓர் ஊர்கூடக் கிடையாது. பழைய ரோமானியச் சாலையின் தடத்தில் சமதளமான சரளைப் பாதை, நிழல் அரிது. அதன்பின் வரும் ஊர்களையும் கடந்து தெரதில்யோஸ் போய்ச் சேர்ந்தால் 26 கி.மீ.

இருபத்தாறு கிலோமீட்டர் என்றால் என் நடைக்குச் சுமார் 35,000 அடி. ஒவ்வொரு பாதமும் பதினேழாயிரம் தடவைக்கு மேல் தரையைத் தொட்டு எழும்பும். கொப்புளம் அந்த எண்ணிக்கையிலிருந்துதான் பிறக்கிறது.

ஷூ தோலைத் தேய்த்துத் தேய்த்துக் கொப்புளம் வருகிறது என்றுதான் நாம் நினைக்கிறோம். தேய்ந்தால் வருவது சிராய்ப்பு. கொப்புளம் வேறு. உங்கள் ஆள்காட்டி விரலை மறு கையின் புறங்கையில் அழுத்தி வைத்து, வழுக்க விடாமல் முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். தோலின் மேற்பரப்பு விரலோடு ஒட்டிக்கொண்டு போகும். அடியிலிருக்கும் எலும்பு போகாது. இரண்டுக்கும் நடுவில் உள்ள தசையும் தோலடுக்குகளும் இழுபடும். குதிகாலில் ஒவ்வொரு அடியிலும் நடப்பது இதுதான். சாக்ஸ் தோலைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. உள்ளே எலும்பு முன்னும் பின்னும் நகர்கிறது. இந்த இழுவை ஆயிரக்கணக்கான தடவை தொடரும்போது மேல்தோலின் உள்ளடுக்கில் செல்கள் கிழிந்து ஒரு பிளவு விழுகிறது. அந்தப் பிளவில் நீர் கோத்துக்கொள்வதுதான் கொப்புளம். மேலே தோல் முழுதாக இருக்க, உள்ளே நீர் தேங்குவது இதனால்தான்.

அப்படியானால் சாக்ஸ் தோலை எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதைத் தீர்மானிப்பதில் ஈரத்துக்குப் பெரும் பங்கு. வங்கியில் நோட்டு எண்ணுபவர் ஈரப் பஞ்சில் விரலைத் தொட்டுக்கொள்வது எதற்கு? லேசான ஈரம் பிடிமானத்தைக் கூட்டும். நன்கு காய்ந்த தோல் வழுக்கும். தண்ணீரில் மூழ்கிய தோலும் வழுக்கும். இரண்டுக்கும் நடுவே, வேர்வையில் கசகசவென்று இருக்கும் தோல்தான் அதிகம் ஒட்டும். நாள் முழுக்க நடப்பவரின் பாதம் பெரும்பாலான நேரம் இருப்பது இந்த நடுநிலையில்தான். போதாததற்கு, ஈரத்தில் ஊறி வெளுத்த தோல் வலுவிழந்தும் போகிறது.

இனி நூல் விஷயத்துக்கு வரலாம். மெரினோ என்பது ஓர் ஆட்டினம். அதன் மயிர் பெரும்பாலும் 17 முதல் 22 மைக்ரான் தடிமன்தான். நம் தலைமுடி அதைப்போல இரண்டு மூன்று மடங்கு இருக்கும். சாதாரணக் கம்பளியின் தடித்த இழைகள் தோலில் பட்டவுடன் மடங்காமல் குத்துவதால்தான் அரிக்கிறது. மெரினோ இழை மடங்கிக்கொடுக்கும், குத்தாது. ஆனால் நடப்பவருக்கு அதைவிட முக்கியமான குணம் ஒன்று அதற்கு உண்டு. கம்பளி இழை வேர்வையை ஆவியாக இருக்கும்போதே தனக்குள் இழுத்துக்கொள்ளும். தன் உலர் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வரை இப்படி வாங்கிக்கொண்டும், தொட்டால் நனைந்ததாகத் தெரியாது. பாலியஸ்டர் வாங்குவது அரை சதவீதத்துக்கும் குறைவு. நைலான் நான்கு சதவீதத்தை ஒட்டி.

பாலியஸ்டர் வேலை செய்யும் விதம் வேறு. அது ஈரத்தை உள்ளே வாங்குவதில்லை; இழைகளுக்கு நடுவிலுள்ள நுண்ணிய இடுக்குகள் வழியே, விளக்குத் திரி எண்ணெயை ஏற்றுவதுபோல வேர்வையைத் தோலிலிருந்து வெளிப்புறத்துக்குக் கடத்துகிறது. வெளியே வந்த ஈரம் காற்றில் ஆவியாகிவிட்டால் பாதம் காய்ந்திருக்கும். சட்டைக்கு இது பிரமாதமான ஏற்பாடு. காலுறைக்கு அப்படி இல்லை. அதைச் சுற்றி ஷூ இருக்கிறது. வலைத்துணி ஷூ என்றால் ஈரத்துக்குப் போக வழி உண்டு. தோல் பூட்ஸோ, மழைநீர் புகாத உள்படலம் வைத்த ஷூவோ என்றால் கடத்தப்பட்ட வேர்வை ஷூச் சுவரில் முட்டி அங்கேயே நிற்கும். கொஞ்ச நேரத்தில் சாக்ஸ் முழுவதும் சொதசொதவென்று ஆகிவிடும். எந்தச் சாக்ஸ் என்று கேட்பவரிடம் நான் முதலில் கேட்பது எந்த ஷூ என்றுதான். விடுதி முற்றத்து விவாதங்களில் பாதி அந்தக் கேள்வியிலேயே தீர்ந்துவிடும்.

கம்பளியின் கொள்ளளவுக்கும் எல்லை உண்டு. நடுத்தரத் தடிமனுள்ள ஒரு சாக்ஸில் இருப்பது ஏறக்குறைய 25 கிராம் கம்பளி. காய்ந்ததாக நாம் நினைக்கும் கம்பளியிலும் காற்றின் ஈரம் ஓரளவு எப்போதும் இருக்கும் என்பதால், அது புதிதாக வாங்கிக்கொள்ளக்கூடியது சில கிராம் வேர்வைதான். வெயில் நாளில் அது மதியத்துக்குள் நிரம்பிவிடும். மெரினோ போட்டும் கொப்புளம் வந்தது என்று சொல்பவர்களில் பலர் காலையில் போட்ட ஜோடியை மாலைவரை கழற்றாதவர்கள். மதியம் ஒரு தடவை மாற்றிவிட்டு, ஈர ஜோடியை ஊக்கு குத்தி முதுகுப்பையில் தொங்கவிட்டு நடந்தால், கம்பளி மறுபடி வாங்கத் தயாராகிவிடும். கமீனோவில் பாதிப் பேர் முதுகில் சாக்ஸ் ஆடிக்கொண்டிருக்கும்.

அன்று என் ஷூ, மழைநீர் புகாத வகை. சாக்ஸ் இரண்டும் ஒரே தடிமன், ஒரே உயரம். இடது கால் சாக்ஸில் மெரினோ 66 சதவீதம், மீதி நைலானும் கொஞ்சம் எலாஸ்டிக் நூலும். வலது கால் சாக்ஸில் பாலியஸ்டரும் நைலானும். எட்டாவது கிலோமீட்டரில் ஒரு கல்மேல் உட்கார்ந்து இரண்டையும் கழற்றிப் பார்த்தேன். தோலில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. சாக்ஸில் தெரிந்தது: கம்பளி கனத்திருந்தது, ஆனால் உட்புறம் கையில் ஈரமாக ஒட்டவில்லை. பாலியஸ்டர் கனக்கவில்லை, உள்ளே விரல் வைத்தால் விரல் நனைந்தது.

பதினேழாவது கிலோமீட்டரில் கல்சாதில்யா என்ற சிற்றூரில் காப்பி குடித்துக்கொண்டே மறுபடியும் கழற்றினோம். பார்த்தது அக்காதான்.

"டேய், வலது குதிகால் வெளுத்துப் போயிருக்கு பாரு. துணி துவைச்ச கை மாதிரி."

வெளுத்த இடத்தின் ஓரத்தில் ஐம்பது பைசா அளவுக்குச் சிவப்பும் இருந்தது. அழுத்தினால் சூடாக, லேசாக எரிந்தது. கொப்புளம் வருவதற்கு முந்திய கட்டம் இது. இந்தக் கட்டத்தில் நிறுத்தினால் ஒன்றுமில்லை. அடுத்த ஊரில் பார்த்துக்கொள்ளலாம் என்று நடந்தால் அடுத்த ஊரில் நீர் கோத்திருக்கும். இடது குதிகால் லேசாகப் பிசுபிசுத்தது, நிறம் மாறவில்லை. கம்பளி சாக்ஸைத் தொட்டால் ஈரம். தோலைத் தொட்டால் அவ்வளவு இல்லை. ஈரம் எங்கே இருக்கிறது என்பதுதான் வித்தியாசம்.

என் இரண்டு கால்களை மட்டும் வைத்து இதைச் சொல்லவில்லை. சுவிட்சர்லாந்து ராணுவத்தின் பயிற்சி வீரர்கள் 37 பேரிடம் இதேபோல் ஒரு சோதனை நடந்தது. முடிவுகள் 2012இல் வெளியாயின. ஒரு வகை சாக்ஸ் ஏறத்தாழ முழுக்க பாலிபுரொப்பிலீன். மற்றது பாதி மெரினோ, மீதி பாலிபுரொப்பிலீனும் நைலானும். 6.5 கி.மீ. நடைக்குப் பின் அளந்தபோது கலப்புச் சாக்ஸ் மூன்று மடங்கை ஒட்டிய ஈரத்தைத் தாங்கியிருந்தது. அதை அணிந்த காலில் குதிகாலின் பின்புறமும் முன்பாதமும் குறைவாக ஊறியிருந்தன. குளிர்ச்சியாக, கசகசப்பில்லாமல் இருக்கிறது என்று வீரர்களும் அதையே விரும்பினார்கள். ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: அந்த ஆய்வு அளந்தது ஈரத்தையும் உணர்வையும். இத்தனை கொப்புளம் குறைந்தது என்று அதிலிருந்து எடுத்துச் சொல்ல முடியாது.

மறுநாள் சாக்ஸைக் கால் மாற்றிப் போட்டேன். வலது குதிகாலுக்குக் கம்பளி வந்ததும் அது அடங்கியது. இடது குதிகால் வெளுத்தது. ஆனால் வலது சுண்டுவிரல் இரண்டு நாளும் நொந்தது. கம்பளியிலும் நொந்தது, பாலியஸ்டரிலும் நொந்தது. அது சாக்ஸின் குற்றமில்லை; ஷூவின் முனை அந்த விரலுக்குக் குறுகல். நாள் முழுக்க நடந்தால் பாதம் வீங்கும். அதனால்தான் நடைக்கான ஷூவை மாலையில், போடப்போகும் அதே சாக்ஸோடு போய் வாங்கச் சொல்கிறார்கள். சாக்ஸை மாற்றியும் ஒரே இடத்தில் தொடர்ந்து வலித்தால் கடையில் வேறு சாக்ஸ் தேடாதீர்கள், ஷூவைப் பாருங்கள்.

தடிமனுக்கும் இதில் பங்குண்டு. அமெரிக்க மரைன் படையின் புதிய வீரர்களிடம் 12 வாரம் நடத்திய ஓர் ஆய்வு 1996இல் வெளியானது. வழக்கமான ராணுவச் சாக்ஸ் போட்டவர்களில் 69 சதவீதம் பேருக்குக் கொப்புளமோ அதையொட்டிய தோல் அழற்சியோ வந்தது. அதே சாக்ஸுக்குள் மெல்லிய பாலியஸ்டர் உள்ளுறை ஒன்றைச் சேர்த்துப் போட்டவர்களில் அது 77 சதவீதம். உள்ளுறைக்கு மேல் கம்பளியும் பாலிபுரொப்பிலீனும் கலந்து அடர்த்தியாகப் பின்னிய தடித்த சாக்ஸ் போட்டவர்களுக்கு 40 சதவீதமாகக் குறைந்தது. உள்ளுறை வீண் என்று அவசரப்பட வேண்டாம். பாதிப்பு தீவிரமானவர்களின் பங்கு முதல் குழுவில் 24 சதவீதம். உள்ளுறை போட்ட இரண்டு குழுக்களிலும் 9, 11 என்றுதான் இருந்தது. இரண்டு துணிகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும்போது, இழுவையில் ஒரு பகுதி தோலுக்குள் போகாமல் துணிகளுக்கு நடுவிலேயே தீர்ந்துவிடுகிறது என்பதே இதற்குச் சொல்லப்படும் காரணம். தடித்த சாக்ஸின் உட்புறத்தில் துண்டில் இருப்பதுபோன்ற சின்னச் சின்ன நூல் வளையங்கள் இருக்கும். அவையும் ஒடுங்கிக்கொடுத்து இழுவையை வாங்கிக்கொள்கின்றன. ஆனால் தடித்த சாக்ஸுக்கு இடம் கொடுக்கும் ஷூ வேண்டும். இறுக்கமான ஷூவுக்குள் அதைத் திணித்தால் அழுத்தம் கூடி எல்லாம் தலைகீழாகிவிடும்.

இதுவரை படித்தால் கம்பளிக்கே என் ஓட்டு என்று தோன்றும். கலீசியா மலைகளுக்குள் நுழைந்தபின் கதை மாறியது. ஓ செப்ரெய்ரோவுக்கு அப்பால் மூன்று நாள் விடாத மழை. மழைநீர் புகாத ஷூவுக்குக் கணுக்கால் வழியே தண்ணீர் இறங்கினால் அது வெளியேறாது. கம்பளி குடிக்க முடிந்ததையெல்லாம் குடித்து ஈரத் துண்டுபோல் காலில் கிடந்தது. இரவு விடுதிக் கொடியில் போட்டேன். காலையில் எடுத்தால் பாதி ஈரம். கம்பளி ஈரத்தை எளிதில் விடாது. பாலியஸ்டர் ஜோடியைத் துண்டில் சுருட்டிப் பிழிந்து தொங்கவிட்டால் விடிவதற்குள் காய்ந்திருந்தது. அந்த மூன்று நாளும் பாலியஸ்டரில்தான் நடந்தேன். ஓடையைக் காலால் கடக்க வேண்டிய பாதைகள், நம்மூர் மழைக்கால மலையேற்றங்கள் போன்றவற்றில், வலைத்துணி ஷூவும் மெல்லிய செயற்கை இழைச் சாக்ஸும் சேர்ந்தால் அதுவே நல்ல ஜோடி. தண்ணீர் உள்ளே வருவதைத் தடுக்க முடியாதபோது, சீக்கிரம் வெளியே போவதுதான் முக்கியம்.

இரண்டுமே பருத்தியைவிட மேல். பருத்தி வேர்வையைக் குடித்துவிட்டு, தொய்ந்து, மடிப்பு விழுந்து தோலோடு ஒட்டிக்கொள்ளும். அந்த மடிப்பு ஒன்று போதும்.

கடையில் 'மெரினோ' என்ற சொல்லை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். பத்து, பதினைந்து சதவீதம் கம்பளி சேர்த்துவிட்டும் அட்டையில் பெரிதாக அப்படிப் போட்டிருப்பார்கள். சதவீதத்தைப் பின்பக்கம் பாருங்கள். அறுபது முதல் எழுபது வரை கம்பளி, இருபத்தைந்து முப்பது நைலான், மிச்சம் எலாஸ்டிக் நூல் என்பது நீள நடைக்குப் பொருத்தமான கலவை. முழுக்க முழுக்கக் கம்பளியில் பின்னியது கேட்க நன்றாக இருக்கும். குதிகாலில் சீக்கிரம் இற்றுவிடும். நைலான்தான் அதற்கு முதுகெலும்பு. பிறகு சாக்ஸின் உட்புறத்தைத் திருப்பி, விரல் நுனிப் பகுதியில் வரும் தையலை விரலால் தடவுங்கள். கையில் முண்டாகத் தட்டுப்பட்டால் இருபதாவது கிலோமீட்டரில் கால் விரலுக்கும் அது தட்டுப்படும். குதிகால் பை உங்கள் குதிகாலில் சரியாக உட்கார வேண்டும். கணுக்காலுக்கு மேல் ஏறினால் அளவு பெரியது.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை. புறப்படும் முன் மருத்துவர் பாதத்தைச் சோதித்து, பெருவிரல்களில் உணர்ச்சி சற்றுக் குறைந்திருக்கிறது என்றார். எரிச்சல் தெரிந்ததும் நிற்க வேண்டும் என்ற விதி அவளுக்குப் பொருந்தாது, அந்த எரிச்சலே அவளுக்குத் தெரியாமல் போகலாம். அதனால் ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு தரம் உட்கார்ந்து கழற்றிக் கண்ணால் பார்ப்பாள். உள்ளங்காலை நான் பார்ப்பேன். சாக்ஸ் வெளிர் நிறத்தில்தான் வாங்கியிருந்தாள், கசிவோ இரத்தமோ பட்டால் உடனே தெரியட்டும் என்று. வழக்கமாகச் சிவக்கும் இடங்களில் காலையிலேயே காகித டேப்பை ஒட்டிக்கொள்வாள். நம்மூர் மருந்துக்கடையில் மைக்ரோபோர் என்று கேட்டால் கிடைக்கும் அதே டேப். பாலைவனத்தில் பல நாள் ஓடும் நெடுந்தூரப் பந்தய வீரர்களிடம் இந்த மலிவான டேப்பைச் சோதித்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், ஒட்டிய இடங்களில் கொப்புளம் 40 சதவீதம் குறைந்திருந்தது.

ஒரு விடுதியில் பக்கத்துக் கட்டில்காரர் ஊசியில் நூல் கோத்துக் கொப்புளத்தின் ஊடே செலுத்தி, நீர் வடியட்டும் என்று நூலை உள்ளேயே விட்டுவிட்டார். கமீனோவில் பரவலான வழக்கம் இது. அக்காவுக்கும் செய்துவிட வந்தார். நான் கும்பிட்டு மறுத்துவிட்டேன். அந்த நூல் நீரை வெளியே கடத்துவதுபோலவே கிருமியை உள்ளே கடத்தும். சின்னக் கொப்புளத்தை உடைக்காமல் மூடி வைப்பதே நல்லது. பெரிதாகி, நடக்க முடியாமல் அழுத்தினால், சோப்பால் கழுவி, கிருமி நீக்கிய ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை விடலாம். மேல்தோலை மட்டும் உரிக்கக் கூடாது. அதைவிட நல்ல கட்டு கிடையாது. சர்க்கரை உள்ளவர்கள் இதைத் தாங்களே செய்யாமல் மருத்துவரிடம் போக வேண்டும். அக்காவுக்கு அந்த நிலை வரவில்லை.

சந்தியாகோ போய்ச் சேர்ந்த மறுநாள் காலை, துவைத்துக் காயவைத்த சாக்ஸ்களை அக்கா ஒவ்வொன்றாக உள்ளே கையை விட்டு ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மூன்று ஜோடியில் ஒன்றின் குதிகாலில் நூல் வளையங்கள் எல்லாம் தேய்ந்து, சல்லடைபோல் வெளிச்சம் வந்தது. இன்னும் ஓட்டை விழவில்லை. அதை மட்டும் தனியே எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, மற்ற இரண்டையும் பையில் வைத்தாள்.